மலையிலிருந்து மாதச் சந்தாப் பெட்டி: விலை, விலகல், அனுப்பும் நாள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கமிருந்து மாதம் ஒரு தின்பண்டப் பெட்டியைச் சந்தா முறையில் அனுப்ப நினைப்பவர்கள், பெட்டிக்குள் என்ன வைப்பது என்று யோசிப்பதிலேயே பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். வர்க்கியும் சாக்லேட்டும் தேயிலையும் இங்கே எப்படியும் கிடைக்கும். அதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு சந்தாதாரர் எத்தனை மாதம் தங்குகிறார் என்பதும், பெட்டி மலையிறங்கிப் போய் எந்த நிலையில் அவர் கையில் சேருகிறது என்பதும்தான் இந்தத் தொழிலை நிலைநிறுத்துகின்றன அல்லது சாய்க்கின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால், விலை வைப்பதில் தொடங்கி, விலகலைக் கணக்கிட்டு, பிறகு அனுப்பும் நாட்களுக்கு வருவோம்.

கோத்தகிரியில் நடக்கும் ஒரு பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இதில் வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. நீங்கள் உங்கள் பேக்கரி, உங்கள் கூரியர் சொல்லும் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை வைப்பதற்கு முன் பெட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்

நம் உதாரணப் பெட்டியில் வர்க்கி 200 கிராம், சாக்லேட் 100 கிராம், தேயிலை 100 கிராம், நெய் பிஸ்கட் 150 கிராம் இருக்கின்றன. பொருளின் எடை 550 கிராம்; அட்டைப்பெட்டி, உள்தாள், உறைகள் எல்லாம் சேர்ந்து 800 கிராமுக்குள் அடங்கும். ஆனால் கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கன எடை என்று கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது பரவலான வழக்கம். எடையும் அரை கிலோ அரை கிலோவாகத்தான் ஏறும்.

பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று 30 × 22 × 10 அளவில் ஒரு பெட்டி வாங்கினால் கன எடை 1.32 கிலோ வரும்; அது 1.5 கிலோக் கட்டணத்தில் போய் விழும். அதே பொருட்களை 24 × 18 × 10 அளவுப் பெட்டியில் இறுக்கமாக அடுக்கினால் கன எடை 0.86 கிலோதான், ஒரு கிலோக் கட்டணத்தோடு முடியும். உதாரணத்தில் ஒரு கிலோவுக்கு 90 ரூபாயும் ஒன்றரைக் கிலோவுக்கு 125 ரூபாயும் என்று வைத்துக்கொண்டால், பெட்டி அழகுக்காக மாதாமாதம் ஒவ்வொரு சந்தாதாரர் மீதும் 35 ரூபாய் போகிறது. அட்டைப்பெட்டியை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுவது நல்லது.

இனி ஒரு பெட்டிக்கான செலவு. பொருட்கள் 310 ரூபாய், பெட்டி, உறை, லேபிள், உள்தாள் 42, கட்டுவதற்கான கூலி 20, கூரியர் 90. நூறு பெட்டியில் மூன்று உடைந்தோ தொலைந்தோ போய் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு ஒரு பெட்டி மீது 14 ரூபாய். இணையவழியில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கட்டணம் 14. ஆக மொத்தம் 490 ரூபாய். வீட்டில் இருப்பவர்களே பெட்டியைக் கட்டினாலும் கூலியை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை கூடி ஆள் வைக்கும் நாளில் லாபம் காணாமல் போய்விடும்.

விலையை 599 ரூபாய் என்று வைப்போம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாகப் பொருள் விற்கும் சிறு தொழிலுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் அது வெளிமாநில விற்பனை என்பதால் பதிவு வேண்டும். நீலகிரிப் பெட்டிக்கு பெங்களூர் வாடிக்கையாளர்கள் தவிர்க்க முடியாதவர்கள் என்பதால், வரியைச் சேர்த்தே கணக்கிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், பிஸ்கட், பேக்கரிப் பண்டங்கள், தேயிலை எல்லாமே 5 விழுக்காட்டில் வருகின்றன. 599 ரூபாயில் வரி போக 570 ரூபாய் நிற்கும். செலவு போக மிச்சம் 80 ரூபாய்.

தின்பண்டத்தோடு எழுதுபொருளும் சேர்த்து வைத்தால் பெட்டி கவர்ச்சியாக இருக்கும் என்று பலருக்குத் தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தனித்தனி வரி விகிதம் உள்ள பொருட்களை ஒரே விலைக்கு ஒன்றாகக் கட்டி விற்றால், அதில் எந்தப் பொருளுக்கு வரி மிக அதிகமோ அந்த விகிதம் பெட்டி முழுவதற்கும் விழும். பேனாவுக்கு 18 விழுக்காடு. பத்து ரூபாய்ப் பேனா ஒன்றை உள்ளே வைத்தால் 599 ரூபாயில் வரி மட்டும் 91 ரூபாய் ஆகி, மிச்சம் 80 ரூபாய் என்பது 18 ரூபாயாகச் சுருங்கிவிடும். பேனாவின் விலையை இன்னும் கழிக்கவில்லை. எழுதுபொருள் பெட்டி நடத்த விரும்புபவர்கள் அதைத் தனிப் பெட்டியாகவே நடத்துவது உத்தமம். அது உருகாது, நமுக்காது. ஆனால் ஒரு நோட்டு தீர்வதற்குள் அடுத்த நோட்டு வந்து சேரும் என்பதால் மாதாமாதம் அனுப்பாமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவதே பொருந்தும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேக்கரியில் மொத்தமாக வாங்கி நீங்கள் உறையிட்டால் நீங்களும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்க வேண்டும். உறையின் மேல் பெயர், சேர்மானம், நிகர எடை, உறையிட்ட நாள், எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும், பதிவு எண், சைவக் குறி ஆகியவை இருக்க வேண்டும். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆகவே சமவெளியில் சுட்ட வர்க்கியை அந்தப் பெயரில் அனுப்பக் கூடாது.

ஒருவர் எத்தனை மாதம் தங்குகிறார்

80 ரூபாய் மிச்சம் நல்லதா கெட்டதா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு புதிய சந்தாதாரரைக் கொண்டுவர விளம்பரத்துக்கும் முதல் பெட்டித் தள்ளுபடிக்கும் சேர்த்து 200 ரூபாய் செலவாகிறது என்று வைப்போம். அவர் மூன்றாவது பெட்டிக்குப் பணம் கட்டினால்தான் அந்தச் செலவு திரும்பி வரும். மாதத் தொடக்கத்தில் இருந்த நூறு பேரில் அந்த மாதத்தில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பதே விலகல் விகிதம். நூறை அந்த எண்ணால் வகுத்தால் ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் தங்குவார் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். விலகல் 40 விழுக்காடு என்றால் இரண்டரை மாதம். இரண்டரை எண்பது இருநூறு, செலவும் இருநூறு, ஆக நீங்கள் சும்மா உழைத்ததாக ஆகும். விலகல் 20 விழுக்காடு என்றால் ஐந்து மாதம், ஆளுக்கு 200 ரூபாய் நிற்கும். 10 விழுக்காட்டுக்கு இறங்கினால் பத்து மாதம், 600 ரூபாய். விலையில் ஐம்பது ரூபாய் ஏற்றலாமா என்று தவிப்பதைவிட விலகலைப் பாதியாக்குவது அதிகம் தரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

விலகலை மொத்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது கண்ணில் படாது. நம் உதாரணப் பெட்டி ஜனவரியில் 60 பேருக்கும், பிப்ரவரியில் 66 பேருக்கும், மார்ச்சில் 70 பேருக்கும் போனது. பார்ப்பவர்களுக்கு வளர்ச்சிதான். ஆனால் சேர்ந்த மாதத்தை வைத்துத் தனித்தனியாகப் பிரித்தால் வேறு படம் தெரியும். ஜனவரியில் சேர்ந்த 60 பேரில் பிப்ரவரியில் 42 பேர்தான் தொடர்ந்தார்கள். 24 பேர் புதிதாக வந்ததால் 66 ஆனது. மார்ச்சில் அந்த 42 பேரில் 36 பேரும், பிப்ரவரியில் சேர்ந்த 24 பேரில் 16 பேரும் தொடர்ந்தார்கள். 18 பேர் புதியவர்கள். முதல் பெட்டி முடிந்ததும் விலகியவர்கள் ஜனவரிக் குழுவில் 30 விழுக்காடு, பிப்ரவரிக் குழுவில் 33 விழுக்காடு. இரண்டாவது பெட்டியை வாங்கிய 42 பேரில் அதன்பின் விலகியவர்கள் ஆறு பேர், அதாவது 14 விழுக்காடு. ஓட்டை எங்கே என்பது இப்போது தெரிகிறது: முதல் பெட்டிக்கும் இரண்டாவது பெட்டிக்கும் இடையில். புதியவர்கள் வருவது ஒரு மாதம் குறைந்தாலும் மொத்த எண்ணிக்கை சரிந்துவிடும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். சேர்ந்த மாதத்துக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம்; கட்டத்தில் பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, விலகிய ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்க வேண்டும். படிவம் அனுப்பினால் பதில் வராது. தொலைபேசியில் அழைத்து, திரும்பச் சேரச் சொல்லி வற்புறுத்தாமல், என்ன குறை என்று மட்டும் கேட்டால் சொல்வார்கள். ஜனவரிக் குழுவில் விலகிய 18 பேரை இப்படிப் பிரித்ததாக வைப்போம். வர்க்கி தூளாக வந்தது என்றவர்கள் ஆறு பேர். தானியங்கிப் பணம் பிடித்தம் தோற்றுப்போனவர்கள் ஐந்து பேர். யாருக்கோ பரிசாக ஒருமுறை வாங்கியவர்கள் நான்கு பேர். போன மாதத் தேயிலையே இன்னும் தீரவில்லை என்றவர்கள் மூன்று பேர்.

பணம் பிடித்தம் தோற்ற ஐந்து பேர் விலக நினைத்தவர்களே அல்ல. யு.பி.ஐ. ஆட்டோபே முறையில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகும். அன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் நின்றுவிடும். மாதக் கடைசியில் பிடித்தம் வைத்தால் இப்படித் தோற்பவர்கள் அதிகம். அதை இரண்டாம் தேதிக்கு மாற்றி, தோற்றவர்களுக்கு அன்றே ஒரு செய்தி அனுப்பி, நான்காம் தேதி மறுபடி முயன்றால் ஐந்தில் பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். தேயிலை தீராதவர்களுக்கு ஒரு மாதம் தள்ளிவைக்கும் வசதியும், ஒன்றுவிட்டு ஒரு மாதம் வாங்கும் திட்டமும் கொடுங்கள். தள்ளிவைத்தவர்களை நோட்டில் தனியாகக் குறிக்க வேண்டும். அவர்களைத் தங்கியவர்களாக எண்ணினால் கணக்கு உங்களையே ஏமாற்றும். பரிசாக வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி இல்லாத தனி விலையில் ஒற்றைப் பெட்டி விற்றால், அவர்கள் சந்தாக் கணக்கைக் குழப்ப மாட்டார்கள்.

முதல் பெட்டித் தள்ளுபடியைப் பொறுத்தவரை என் கருத்து, அதை எடுத்துவிடலாம் என்பதே. அந்தத் தொகைக்கு மூன்றாவது பெட்டியில் கூடுதலாக ஒரு சாக்லேட் பொட்டலம் வைப்பதாகச் சேரும்போதே சொல்லிவிட்டால், தள்ளுபடிக்காக மட்டும் வருபவர்கள் குறைவார்கள். வருபவர்களுக்கும் மூன்றாவது மாதம் வரை இருக்க ஒரு காரணம் கிடைக்கும். வர்க்கி தூளானதாகச் சொன்ன ஆறு பேரின் பிரச்சினை பெட்டியைக் கட்டுவதில் இருக்கிறது.

மலையிறங்கும்போது பெட்டிக்குள் நடப்பது

சமவெளியிலிருந்து வரும் சிப்ஸ் பொட்டலம் ஊட்டியில் பந்துபோல் உப்பியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கிருந்து கீழே போகும் பொட்டலத்துக்கு நேர் எதிராக நடக்கும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு. இங்கே காற்றடைத்து ஒட்டிய உறை சென்னை போய்ச் சேரும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, உறை வர்க்கியோடு ஒட்டிக்கொள்ளும். காற்று மெத்தைபோல் காக்கும் என்று நம்பி அனுப்பிய வர்க்கியின் அடுக்குகள் வழியிலேயே பொலபொலவென்று உதிர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே காற்றை நம்பாமல், உறையிட்ட வர்க்கியைத் தடித்த அட்டைக் கூட்டுக்குள் அசையாதபடி வைத்து, பெட்டியில் மேல் அடுக்கில், தேயிலைக்கும் பிஸ்கட்டுக்கும் மேலே வையுங்கள். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் இடைவெளியை நிரப்ப நறுக்கிய பழுப்புத் தாளைப் பயன்படுத்தலாம். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் ஒரு பிடி தாள் வேண்டும்.

வர்க்கிக்கு இன்னொரு எதிரி ஈரப்பதம். மழை மாதங்களில் மூட்டம் இறங்கிய மதியத்தில் தட்டைத் திறந்து வைத்துப் பொறுமையாக உறையிட்டால், ஒட்டுவதற்கு முன்பே வர்க்கி நமுத்துவிடும். சுட்டது நன்றாக ஆறியவுடன், சூடு சிறிதும் இல்லை என்று கையால் தொட்டு உறுதி செய்துகொண்டு, உடனே ஒட்ட வேண்டும். சூட்டோடு ஒட்டினால் உறையின் உட்புறம் வியர்த்து அதே கதிதான்.

சாக்லேட்டில் புகார் வேறு விதமாக வரும். “சாக்லேட்ல பூஞ்சை புடிச்சிருக்குங்க” என்று வாடிக்கையாளர் படம் அனுப்புவார். அது பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். வழியில் ஒருமுறை இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெண்மையாகப் படியும். படிவு சமமாகப் பூசியதுபோல் இருந்து, விரலால் தேய்த்தால் மறைந்தால் அது கொழுப்பு. பஞ்சுபோல் மேலெழும்பித் திட்டுத் திட்டாக இருந்தால் அதைத் தின்ன வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கொழுப்புப் படிந்ததைத் தின்பதால் கெடுதல் இல்லை என்று விளக்கலாம், ஆனால் விளக்கத்தால் சந்தா தங்காது, மறுபெட்டி அனுப்புங்கள். மார்ச் முதல் ஜூன் வரை சாக்லேட்டே வைக்காமல் அந்த இடத்தில் வேறு வகைத் தேயிலையும் கூடுதல் பிஸ்கட்டும் வைப்பது இதற்குச் சரியான தீர்வு. குளிர்ப்பை வைத்து அனுப்பினால் எடை ஏறி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். இரண்டாம் நாளே அது வெந்நீர்ப்பை ஆகிவிடும். கோடையில் சாக்லேட் வராது என்பதைச் சேரும்போதே எழுதிக் காட்டிவிட்டால் ஏப்ரலில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அனுப்பும் நாள்

மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எட்டாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் இடையில் வரும். திங்களன்று கிளம்பும் பெட்டி தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் அந்த வாரத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும். வெள்ளியன்று அனுப்பினால் ஞாயிறு முழுதும் ஏதோ ஒரு கிடங்கில் தகரக் கூரையின் கீழ்க் கிடக்கும்.

அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முந்தைய மாதம் 25ஆம் தேதி பேக்கரிக்கு உத்தேச எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். இரண்டாம் தேதி பிடித்தம், நான்காம் தேதி மறுமுயற்சி, ஐந்தாம் தேதி மாலை பட்டியலை மூடி, பணம் வந்தவர்களின் எண்ணிக்கையோடு மறுபெட்டிக்காக நூற்றுக்கு மூன்று நான்கு கூட்டி உறுதியான எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை வர்க்கி வந்து உறையிடுவதும், ஞாயிறன்று பெட்டி கட்டுவதும் நடக்கும். பட்டியல் மூடிய பிறகு வருபவர்களுக்கு அடுத்த மாதப் பெட்டிதான். தெரிந்தவர் என்று ஒருவருக்காகத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டிவரும். தீபாவளி மாதத்தில் பேக்கரிகள் வேறு வேலையில் மூழ்கியிருக்கும் என்பதால் உத்தேச எண்ணிக்கையை இன்னும் இரண்டு வாரம் முன்பே கொடுத்து முன்பணமும் கட்டிவிடுவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்பட்டால் மேட்டுப்பாளையம் இறங்கும் இரண்டு சாலைகளில் ஒன்றோ இரண்டுமோ மூடப்படும். கூரியர் வண்டி மேலே வந்து எடுத்துப் போவது நின்றுவிடும். அந்த மாதங்களில் வானிலை எச்சரிக்கை வந்ததுமே, திங்கள் வரை காத்திராமல், கட்டி முடித்த பெட்டிகளை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோய்க் கூரியர் அலுவலகத்தில் நேரடியாகக் கொடுப்பது பாதுகாப்பு. வண்டி வாடகை 2,100 ரூபாய் என்றால் 70 பெட்டிக்கு ஆளுக்கு 30 ரூபாய். ஆண்டில் ஓரிரு மாதம் இந்தச் செலவு வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனில் சாலை மூடாது, ஆனால் சுற்றுலா நெரிசலில் கூரியர் வண்டி மாலைக்குப் பதில் மறுநாள் வரலாம். அந்த மாதங்களில் காலையிலேயே பெட்டிகளை நீங்களே அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.

சாலை மூடி, பெட்டிகள் வீட்டில் அடுக்கியே இருக்கும்படி ஆகிவிட்டால், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் அன்று மாலையே செய்தி போக வேண்டும். “மழையால் மலைச்சாலை மூடியிருக்கிறது. உங்கள் பெட்டி கட்டி எங்களிடம் இருக்கிறது. சாலை திறந்த மறுநாள் அனுப்பிவிட்டு எண் தருகிறோம். வர்க்கி ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் புதிதாகச் சுட்டதை மாற்றி வைப்போம்” என்ற அளவுக்குச் சொன்னால் போதும். உறையிட்ட நாளை லேபிளில் பார்த்து, ஐந்து நாள் கடந்த பெட்டிகளைத் திறந்து வர்க்கியை மட்டும் மாற்றி, லேபிளில் புதிய நாளை இட்டு மறுபடி ஒட்டுங்கள். தேயிலையையும் பிஸ்கட்டையும் தொட வேண்டியதில்லை.